நகரத்து மொட்டைமாடி இரவில் ஏன் ஆறுவதில்லை?

மே மாதம், இரவு பத்து மணி. சென்னையில் கடைசி மாடியில் குடியிருப்பவர்கள் குளிக்கப் போகும்போது குழாயை நேராகத் தலைக்குப் பிடிப்பதில்லை. ஒரு வாளியில் தண்ணீரைப் பிடித்து, கொஞ்ச நேரம் ஆறவிட்டுத்தான் குளிக்கிறார்கள். மாடித் தொட்டியில் இருக்கும் தண்ணீர் அப்போதும் சுடும். சூரியன் மறைந்து மூன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். மின்விசிறியைப் போட்டால் கூரையிலிருந்து அனல் இறங்குகிறது. மேற்குச் சுவரில் முதுகைச் சாய்த்தால், அடுப்புப் பக்கம் உட்கார்ந்ததுபோல் வெதுவெதுப்பு ஏறுகிறது.

அதே நேரத்தில் செங்கல்பட்டைத் தாண்டி ஏதோ ஒரு கிராமத்தில், வயலை ஒட்டிய வீட்டு வாசலில் ஒருவர் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்திருப்பார். பகலில் அவர் மீது அடித்த வெயிலும் சென்னையில் அடித்த வெயிலும் ஒன்றுதான். ஆனால் அவருடைய இரவு ஆறிவிட்டது. நகரத்தின் இரவு ஆறவில்லை.

இந்த வேறுபாட்டுக்கு அறிவியலில் 'நகர்ப்புற வெப்பத் தீவு' என்று பெயர். சுற்றிலும் ஆறிக் கிடக்கும் நிலத்துக்கு நடுவே நகரம் மட்டும் சூடான திட்டாக நிற்பதால் வந்த பெயர் அது. புவி வெப்பமாதலும் இதுவும் ஒன்றல்ல. புவி வெப்பமாதல் உலகம் முழுவதற்கும் பொது. வெப்பத் தீவோ அந்தந்த நகரம் தன் கட்டுமானத்தால் தானே உண்டாக்கிக்கொள்வது. அதனால் குறைக்கும் வழியும் பெருமளவு அந்த நகரத்தின் கையிலேயே இருக்கிறது.

இதை முதலில் அளந்து எழுதியவர் லண்டனைச் சேர்ந்த லூக் ஹோவர்ட். மருந்து தயாரிப்பது அவர் தொழில். வானிலையைக் கவனிப்பது அவருக்குப் பிடித்த வேலை. மேகங்களுக்கு இன்று வழங்கும் லத்தீன் பெயர்களின் அடிப்படையும் அவர் வகுத்ததே. லண்டன் நகருக்குள்ளும் அதற்கு வெளியே கிராமப்புறத்திலும் எடுத்த வெப்ப அளவுகளை ஒப்பிட்டு, 1818-ல் வெளிவரத் தொடங்கிய தன் நூலில் அவர் ஒரு கணக்கு கொடுத்தார். கிராமத்தைவிட நகரம் இரவில் 3.7 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது ஏறக்குறைய 2 டிகிரி செல்சியஸ், அதிக வெப்பமாக இருந்தது. பகலிலோ நகரம் ஒரு இம்மி குளிர்ச்சியாகவே இருந்தது.

இருநூறு ஆண்டுக்கு முந்தைய அந்தக் கணக்கில் முக்கியமான செய்தி இருக்கிறது. வெப்பத் தீவு பெரும்பாலும் இரவின் நோய். பகலில் எவ்வளவு சுடுகிறது என்பதைவிட, பகலில் வாங்கிய சூட்டை நகரம் இரவில் இறக்கி வைக்கிறதா என்பதே இங்கே கேள்வி. வெப்பத்தைக் குறைப்பதாகச் சொல்லப்படும் ஒவ்வொரு வழியையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

ஒரு மொட்டைமாடியின் வரவு செலவு

வெப்பத்தை மின்சார யூனிட்டில் கணக்குப் போட்டால் எளிதில் புரியும். 500 சதுர அடி மொட்டைமாடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். சென்னையின் கோடைநாள் ஒன்றில், ஒரு சதுர மீட்டர் தரையில் விழும் சூரிய ஆற்றல் சுமார் 6 யூனிட். 500 சதுர அடி என்பது 46 சதுர மீட்டர். ஆக, அந்த மாடியில் ஒரே நாளில் இறங்குவது ஏறக்குறைய 275 யூனிட். தமிழக அரசு ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்குச் சேர்த்து இலவசமாகத் தரும் மின்சாரம் 100 யூனிட். அதைப்போல் இரண்டே முக்கால் மடங்கு ஒரு பகலுக்குள் மாடியில் விழுந்துவிடுகிறது.

பழைய சிமென்ட் தளமோ, அழுக்கேறிய தட்டோடு பதித்த தளமோ இதில் பத்தில் மூன்று பங்கைத்தான் திருப்பி அனுப்பும். மீதி 190 யூனிட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும். நடுப்பகலில் அந்தத் தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தொடலாம். வற்றல் காயப்போட மாடிக்குப் போகிறவர்கள் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாததற்குக் காரணம் அதுதான். இழுத்துக்கொண்டதில் பெரும்பகுதி பகலிலேயே காற்றோடு போய்விடும். மீதி கான்கிரீட்டுக்குள் இறங்கும்.

ஐந்து அங்குலத் தளமென்றால் அந்த மாடியின் கான்கிரீட் எடை சுமார் 14 டன். அவ்வளவு எடையை ஒரு டிகிரி சூடேற்ற மூன்றரை யூனிட் வேண்டும். விடியற்காலையில் இருந்ததைவிட மாலையில் தளம் சராசரியாக 15 டிகிரி ஏறியிருந்தால், சூரியன் மறையும் நேரத்தில் ஏறத்தாழ 50 யூனிட் வெப்பம் அந்த வீட்டுக்காரர் தலைக்கு மேல் சேமிப்பில் இருக்கிறது என்று பொருள். வெப்பம் கான்கிரீட்டில் மெதுவாகத்தான் ஊர்கிறது. பகல் இரண்டு மணிக்கு மேலே பட்ட உச்சச் சூடு, கூரையின் அடிப்பக்கத்துக்கு வந்து சேர மாலை ஆறு, ஏழு மணி ஆகிவிடும். வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்புகிறவரை வரவேற்பது பகல் இரண்டு மணி வெயில்தான்.

தகரம், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீடுகளின் கதை வேறு. அவை மெல்லியவை, சேமிக்க இடமில்லை. பகலில் உள்ளே உட்கார முடியாத அளவு காயும், இருட்டியதும் சீக்கிரம் ஆறும். கான்கிரீட் பகலில் கொஞ்சம் காப்பாற்றி, இரவில் வசூலிக்கிறது.

சென்னையின் பழைய வீடுகளில் 'மெட்ராஸ் டெரஸ்' என்ற கூரை இருந்தது. தேக்குக் கட்டைகளின் மேல் செங்கலைக் குத்துக்கல்லாகச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி இறுக்கி, உச்சியில் தட்டோடு பதிப்பார்கள். கான்கிரீட்டைவிடச் செங்கலும் சுண்ணாம்பும் வெப்பத்தைக் குறைவாகக் கடத்துபவை. கூரைக்கும் தரைக்கும் இடையே உயரமும் அதிகம். இன்று கொத்தனார்கள் கான்கிரீட் தளத்தின்மேல் போடும் 'வெதரிங் கோர்ஸ்' அந்தப் பழைய கூரையின் மேல்பகுதி மட்டும்தான். செலவைக் குறைக்க நினைக்கும் பல வீடுகளில் அதையும் விட்டுவிடுகிறார்கள்.

வானம் தெரியாத தெரு

இரவில் வெப்பம் எங்கே போக வேண்டும்? மேலே, வானத்துக்கு. சூடான எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத கதிர்களாகத் தன் வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். திறந்த வயலுக்கு முழு வானமும் தெரிகிறது. அதனால் அது தடையின்றி ஆறுகிறது.

இருபது அடிச் சந்து ஒன்றில், இரு பக்கமும் நான்கு மாடி எழும்பியிருந்தால் தரையில் நிற்பவருக்கு மேலே தெரிவது ஒரு ரிப்பன் அளவு வானம். இந்தச் சுவர் விடும் வெப்பத்தை எதிர்ச்சுவர் வாங்கிக்கொள்கிறது. அது விடுவதை இது வாங்குகிறது. கைமாறிக்கொண்டே இருக்கிறதே தவிர வெளியே போவது குறைவு. காற்றும் அந்தச் சந்துக்குள் நுழையாமல் மொட்டைமாடிகளின் மேலாகவே ஓடிவிடுகிறது. கனடாவின் டிம் ஓக் என்ற அறிஞர், கட்டடத்தின் உயரத்தைத் தெருவின் அகலத்தோடு ஒப்பிட்டாலே ஒரு நகரத்தின் வெப்பத் தீவு எவ்வளவு கடுமையாக இருக்கும் என்று பெருமளவு சொல்லிவிடலாம் என்பதை 1980-களில் காட்டினார். உயரம் கூடக் கூட, அகலம் குறையக் குறைய, இரவு சுடும். அதே குறுகிய சந்து பகலில் நிழல் தரும் என்பதும் உண்மை. ஹோவர்டின் கணக்கில் பகலும் இரவும் எதிரெதிராக நின்றதை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

கடலோர நகரத்துக்கு இன்னொரு சங்கடம் உண்டு. பாலைவன ஊர்களில் காற்றில் ஈரம் இல்லாததால் இரவில் வெப்பம் வானத்துக்கு வேகமாக ஏறிவிடும். சென்னையில் காற்று முழுக்க ஈரம். தரையிலிருந்து கிளம்பும் வெப்பக் கதிர்களில் ஒரு பங்கை அந்த ஈரமே பிடித்து மீண்டும் கீழே அனுப்பிவிடுகிறது.

இந்தச் சேமிப்போடு மனிதர் ஏற்றும் வெப்பமும் சேர்கிறது. ஒன்றரை டன் ஏசி ஒரு மணி நேரம் முழுமூச்சாக ஓடினால், அறையிலிருந்து ஐந்து யூனிட்டுக்கு மேல் வெப்பத்தை எடுக்கும். அதற்காக ஒன்றரை யூனிட் மின்சாரத்தைச் செலவழிக்கும். இரண்டும் சேர்ந்து ஏழு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான வெப்பமாகத் தெருவில் விழும். ஒரே சந்தை நோக்கி நாற்பது ஏசிப் பெட்டிகள் மூச்சுவிட்டால், ஏசி இல்லாத வீட்டின் ஜன்னல் வழியே நுழைவது அந்த மூச்சுதான். அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரத்தை 2014-ல் ஆராய்ந்தவர்கள், ஏசிகள் வெளியேற்றும் வெப்பம் மட்டுமே சில பகுதிகளில் இரவு வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸுக்கு மேல் உயர்த்துவதாகக் கணக்கிட்டார்கள்.

இரவுச் சூட்டை வெறும் அசௌகரியமாக எண்ணிவிடக் கூடாது. பகல் முழுவதும் வெப்பத்தோடு போராடிய இதயத்துக்கு இரவு ஆறினால்தான் ஓய்வு. 2003 ஆகஸ்டில் பிரான்ஸில் வீசிய வெப்ப அலையில் வழக்கத்தைவிடச் சுமார் 15,000 பேர் கூடுதலாக இறந்தார்கள். பெரும்பாலோர் முதியவர்கள். இறந்தவர்களின் வீடுகளை ஆராய்ந்தபோது, கூரைக்கு நேர்கீழே இருந்த அறையில் படுத்தவர்களுக்கு ஆபத்து பல மடங்கு கூடியிருந்தது தெரிந்தது. இங்கே மாடி வீட்டுக்காரர்கள் ஆண்டுதோறும் முணுமுணுப்பது அங்கே மரணக் கணக்காக வெளிப்பட்டது.

வண்ணப் படம் ஏமாற்றும் இடம்

ஒவ்வொரு கோடையிலும் செய்தித்தாள்களில் செயற்கைக்கோள் படங்கள் வருகின்றன. நகரத்தின் சில பகுதிகள் செக்கச்செவேலென்று இருக்கும், 'இங்கே 48 டிகிரி' என்று எழுதியிருக்கும். அந்த எண் காற்றின் வெப்பம் அல்ல. மேலிருந்து பார்க்கும் கருவிக்குத் தெரிகிற கூரை, சாலை, மண் இவற்றின் மேற்பரப்புச் சூடு அது. மனிதர் நிற்கும் நிழலோ, சுவரின் பக்கவாட்டோ அதற்குத் தெரியாது. இத்தகைய நுணுக்கமான படங்களில் பல காலை பத்து, பத்தரை மணி வாக்கில் எடுக்கப்படுபவை.

இதனால் ஒரு வினோதம் நேர்கிறது. மழைக்காலத்துக்கு முன், பயிரில்லாமல் காய்ந்து கிடக்கும் வயல்வெளி பகலில் நகரத்தைவிட அதிகமாகக் கொதிக்கும். இந்திய நகரங்கள் பலவற்றைச் செயற்கைக்கோள் வழியே ஆராய்ந்தவர்கள், கோடைப் பகலில் நகரமே சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்து தெரிவதைப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் படத்தை மட்டும் பார்ப்பவர் வெப்பத் தீவே இல்லை என்று முடிவு கட்டிவிடலாம். அன்று இரவு அதே இடத்தை அளந்தால் கதை தலைகீழாக இருக்கும்.

சென்னையில் நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் வானிலை நிலையங்கள் இருக்கின்றன. இரண்டின் அளவையும் கழித்துப் பார்த்து வெப்பத் தீவைக் கண்டுபிடிக்கவும் முடியாது. மீனம்பாக்கம் கடலிலிருந்து தள்ளி இருப்பதால் கடற்காற்று அங்கே தாமதமாகத்தான் போய்ச் சேரும். வேறுபாட்டில் எவ்வளவு கடலால், எவ்வளவு கான்கிரீட்டால் என்று பிரிப்பது கடினம். ஊருக்குள் தெருத்தெருவாகக் கருவி வைத்து, இரவிலும் விடியலிலும் அளந்தால்தான் உண்மை தெரியும்.

உள்ளே விடாமல் தடுப்பது

இனி தீர்வுகள். முதலாவது, வெயிலை வாங்காமலே திருப்பி அனுப்புவது.

மேலே சொன்ன அதே 500 சதுர அடி மாடிக்கு வெள்ளை பூசினால் கணக்கு மாறிவிடும். நல்ல வெள்ளைப் பூச்சு, புதிதாக இருக்கும்போது வெயிலில் பத்தில் ஏழு, எட்டுப் பங்கைத் திருப்பி அனுப்பும். 190 யூனிட் உள்ளே போன இடத்தில் இப்போது போவது 75 யூனிட் அளவுதான். மிச்சமான 115 யூனிட் வந்த வழியே போய்விட்டது. அதை இரவில் இறக்கி வைக்க வேண்டிய தேவையே இல்லை. இந்தியாவில் இப்படிச் செய்த வீடுகளுக்குள் பகல் வெப்பம் பொதுவாக 2 முதல் 5 டிகிரி வரை குறைந்திருக்கிறது.

இதைப் பெரிய அளவில் முயன்ற நகரம் அகமதாபாத். 2010 மே மாதத்தில் அங்கே அடித்த வெப்ப அலையில், வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தது ஆய்வில் தெரியவந்தது. அந்த அதிர்ச்சியிலிருந்து 2013-ல் நகராட்சி வெப்பச் செயல்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. தெற்காசியாவிலேயே அதுதான் முதல். 2017-ல் ஏழைகள் வாழும் பகுதிகளில் சுமார் 3,000 கூரைகளுக்குச் சுண்ணாம்பு வெள்ளை பூசினார்கள். தெலங்கானா 2023-ல் குளிர் கூரைக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டு, அரசுக் கட்டடங்களிலும் வணிகக் கட்டடங்களிலும் அதைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாடு 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

பூசுவதில் பிழை எங்கே நேர்கிறது? பெரும்பாலும் தயாரிப்பில். பாசியையும் தூசியையும் தேய்த்துக் கழுவி, தளம் நன்றாகக் காய்ந்த பிறகு, விரிசல்களை அடைத்துவிட்டுப் பூச வேண்டும். ஒரு கை நீளவாக்கில், அது காய்ந்ததும் மறு கை குறுக்குவாக்கில். உச்சி வெயிலில் பூசினால் தண்ணீர் சட்டென்று உறிஞ்சப்பட்டுப் பூச்சு பிடிக்காமல் மாவாக உதிரும். காலையிலோ மாலையிலோ பூசுவதே நல்லது. சுண்ணாம்பு மலிவானது, ஆனால் ஒரு மழைக்காலத்துக்குமேல் தாங்காது. கூரைக்கென்று விற்கும் வெள்ளைப் பெயிண்ட் சில ஆண்டு நிற்கும், விலை அதிகம். உடைந்த வெள்ளைப் பீங்கான் ஓட்டைப் பதித்தால் நீண்ட நாள் உழைக்கும். எதுவானாலும் தூசி படிந்தால் திறன் குறையும். கோடையில் அவ்வப்போது கூட்டித் துடைத்தால்தான் வெள்ளை வெள்ளையாக வேலை செய்யும்.

இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். வெள்ளைக் கூரை காப்பது கடைசி மாடியை மட்டும். கீழ்வீடுகளுக்குப் பயன் அற்பம். பக்கத்தில் உயரமான கட்டடம் இருந்தால் திரும்பும் வெளிச்சம் அவர்கள் ஜன்னலில் அடிக்கும். தெருவின் காற்று குளிர வேண்டுமென்றால் ஒன்றிரண்டு கூரை போதாது, அந்தப் பகுதியின் கூரைகளில் பெரும்பாலானவை வெளுக்க வேண்டும். குளிர்நாடுகளில் வெள்ளைக் கூரை வைத்தால் பனிக்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் செலவு ஏறும் என்று தயங்குவார்கள். சென்னைக்கு அந்தக் கவலை கிடையாது.

சாலைக்கும் வெள்ளை பூசினால் என்ன? ஃபீனிக்ஸ் நகரம் 2020-ல் அதைச் செய்து பார்த்தது. தார்ச்சாலைகளின்மேல் வெளிர் சாம்பல் நிறப் பூச்சு பூசி, அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தாரைக் கொண்டு அளந்தது. நடுப்பகலில் சாலையின் மேற்பரப்பு சுமார் 6 டிகிரி செல்சியஸ் குறைந்தது. ஆனால் மனிதர் மூச்சுவிடும் உயரத்தில் காற்று இரவில் குறைந்தது 0.3 டிகிரி அளவே. பகலில் அந்தச் சாலையில் நடப்பவர் உடல் வாங்கும் கதிர்வெப்பமோ 3 டிகிரி கூடிவிட்டது. கூரையில் திருப்பிய வெயில் வானத்துக்குப் போகிறது. சாலையில் திருப்பிய வெயில் நடப்பவர் முகத்திலும் எதிர்ச்சுவரிலும் அடிக்கிறது. சாலைக்கு வேண்டியது நிழல்தான்.

தண்ணீரைக் கொண்டு ஆற்றுவது

ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வேண்டுமானால் சுமார் மூன்றில் இரண்டு யூனிட் வெப்பத்தை எங்கிருந்தாவது எடுத்துக்கொள்ள வேண்டும். மண்பானைத் தண்ணீர் குளிர்வது இதனால்தான். சாயங்காலம் மொட்டைமாடியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் செய்வதும் இதுவே. அவர்கள் மாடியில் சேர்ந்திருக்கும் 50 யூனிட்டை எடுக்க 75 லிட்டர், அதாவது ஐந்து குடம் தண்ணீர் முழுவதும் ஆவியாக வேண்டும். ஊற்றியதில் பாதிக்குமேல் மழைநீர்க் குழாய் வழியே ஓடிவிடுகிறது. ஓடிய தண்ணீர் கொண்டுபோகும் சூடு மிகக் கொஞ்சம். ஈரச் சாக்கை விரித்து அதன்மேல் தெளித்தால் தண்ணீர் நின்று வேலை செய்யும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு லாரிக்காகக் காத்து நின்ற ஊருக்கு, இதை எல்லா வீட்டுக்கும் வழியாகச் சொல்ல முடியாது.

அந்த வேலையை நிலத்தடி ஈரத்தைக் கொண்டு தானே செய்வது மரம். ஒரு பெரிய மரம் நாளொன்றுக்கு 100 லிட்டர் தண்ணீரை இலைவழியே ஆவியாக்கினால், 65 யூனிட்டுக்குமேல் வெப்பத்தை அது சூடாக மாறவிடாமல் தடுக்கிறது. அதைவிடப் பெரிய உதவி நிழல். நிழலில் கிடக்கும் தரை, வெயிலில் கிடக்கும் தரையைவிட 11 முதல் 25 டிகிரி வரை ஆறியிருக்கக்கூடும். பகலில் சூடேறாத சாலைக்கு இரவில் திருப்பித் தர ஒன்றுமில்லை. கிண்டி தேசியப் பூங்காவை ஒட்டி ஓடும் சர்தார் படேல் சாலையில் இரவில் இரு சக்கர வண்டியில் போகிறவர்கள் மரங்கள் அடர்ந்த இடத்தில் முழங்கையில் படும் காற்று மாறுவதை அறிவார்கள்.

கொலம்பியாவின் மெடெயின் நகரம் 2016-ல் தொடங்கி, சாலையோரங்களையும் ஓடைக்கரைகளையும் இணைத்து 30 பசுமை வழித்தடங்களை உருவாக்கியது. அவை அமைந்த இடங்களில் வெப்பநிலை சுமார் 2 டிகிரி குறைந்ததாக அந்நகரம் சொல்கிறது. அங்கே கவனிக்க வேண்டியது தொடர்ச்சி. தனித்தனியாக நட்ட மரங்களைவிட, ஒரு நிழலிலிருந்து அடுத்த நிழலுக்கு நடக்க முடிகிற வரிசையே நடப்பவரைக் காக்கிறது.

மரத்துக்கும் எல்லை உண்டு. வேரடியைச் சுற்றிச் சிமென்ட் போட்டு இறுக்கினால் அதற்குத் தண்ணீர் கிடைக்காது. தண்ணீர் இல்லாத மரம் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும், குளிர்ச்சி நின்றுவிடும். வேர் ஆழம் போகாத மரம் புயலில் சாயும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களை ஒரே நாளில் சாய்த்தது. குறுகிய சந்தின் மேல் கிளைகள் முழுவதும் மூடிக்கொண்டால், இரவில் வெப்பம் ஏறிப்போகும் கொஞ்ச வானத்தையும் அவை அடைத்துவிடும். சந்தில் ஒரு பக்க வரிசை போதும். அகலச் சாலையில் இரண்டு பக்கமும் வைக்கலாம். மேற்கு வெயில் சுவரில் அடிக்கும் இடத்துக்கு முதல் இடம் தர வேண்டும். புங்கன், பூவரசு, வேம்பு, மகிழம் போன்றவை இந்த மண்ணும் வெயிலும் பழகியவை.

காற்றுக்கு வழி விடுவது

மூன்றாவது வழி, சேர்ந்த வெப்பத்தை அடித்துச் செல்லக் காற்றுக்கு இடம் விடுவது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரம் குன்றுகள் சூழ்ந்த பள்ளத்தில் இருக்கிறது, காற்று அசையாமல் தேங்கும் இடம். 1938 முதலே நகராட்சி தனக்கென வானிலை அறிஞரை வேலைக்கு வைத்திருக்கிறது. இரவில் குன்றுகளிலிருந்து குளிர்காற்று எந்தெந்தச் சரிவு வழியே நகருக்குள் இறங்குகிறது என்று வரைபடம் போட்டு, அந்தப் பாதைகளில் கட்டடம் எழும்பாமல் காக்கிறார்கள்.

தென்கொரியாவின் சியோல் நகரம் இன்னும் துணிந்தது. சாங்கேசான் என்ற ஓடையை மூடி அதன்மேல் ஓடிய உயர்மட்டச் சாலையை 2003-ல் இடிக்கத் தொடங்கி, 2005-ல் 5.8 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடையை மீண்டும் திறந்துவிட்டது. சில தெருக்கள் தள்ளி இணையாக ஓடும் சாலையைவிட ஓடைக்கரையில் காற்று சராசரியாக 3.3 முதல் 5.9 டிகிரி வரை குறைவாக இருந்தது. தண்ணீர் மட்டும் இதைச் செய்யவில்லை. ஓடைவழியே காற்று தடையின்றி ஓடியது, போக்குவரத்தும் குறைந்தது.

சென்னைக்குக் குன்று இல்லை, கடல் இருக்கிறது. கோடையில் நண்பகல் வாக்கில் கிழக்கிலிருந்து கிளம்பும் கடற்காற்றுதான் இந்த ஊரின் இயற்கையான விசிறி. அது தாமதமாகும் நாளில்தான் வெப்பமானி நாற்பதைத் தாண்டுகிறது. அந்தக் காற்று உள்ளே வர கிழக்கு மேற்காக ஓடும் சாலைகளும், அடையாறு, கூவம் ஆற்றுப் பாதைகளும், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் போன்ற திறந்த வெளிகளும்தான் வாசல். பள்ளிக்கரணை 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது பறவைகளுக்காக மட்டுமல்ல, நகரத்தின் மூச்சுக்காகவும் நல்ல செய்தி. கரையோரம் இடைவெளியில்லாமல் உயர்ந்த சுவராகக் கட்டடங்கள் எழும்பினால், பின்னால் இருக்கும் தெருக்களுக்கு விசிறியின் காற்று எட்டாது. கட்டட அனுமதி தரும் இடத்தில் உயரத்தைப் பார்ப்பது போலவே, கட்டடங்களுக்கு இடையே உள்ள வெளியையும் அது எந்தத் திசையில் திறக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

மூன்று வழிகளும் மூன்று கால அளவில் பலன் தருபவை. காற்றுவழியைக் காப்பது திட்டமிடுபவர் கையில் இருக்கிறது, தவறினால் அந்தக் கட்டடம் நிற்கும் காலம் முழுவதும் திருத்த முடியாது. மரம் நிழல் தர ஏழெட்டு ஆண்டு ஆகும். கூரை அடுத்த வாரமே பலன் தரும். அதில் ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. பல வீடுகளில் கூரை உரிமையாளருடையது, கூரைக்குக் கீழே படுப்பவர் வாடகைக்காரர். செலவு ஒருவருக்கு, தூக்கம் இன்னொருவருக்கு. அகமதாபாத்தில் ஏழைகளின் கூரைக்கு நகராட்சியே முன்வந்து பூசியதுபோல் இங்கேயும் பூச வேண்டிய இடங்கள் பல இருக்கின்றன.

வடகிழக்குப் பருவமழை முடிந்து, தளம் காய்ந்து, வெயில் ஏறுவதற்கு முன் கிடைப்பது தை, மாசி மாதங்கள். கூரைக்கு வெள்ளை பூச ஆண்டிலேயே நல்ல காலம் அது. பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கும் வழக்கம் ஏற்கனவே நம்மிடம் இருக்கிறது. வரும் பொங்கலுக்குச் சுவர் முடிந்ததும் மட்டையைக் கழுவி வைத்துவிடாதீர்கள். மீதிச் சுண்ணாம்போடு மாடிப்படி ஏறுங்கள்.